கர்ப்பம் என்று தெரியாமல் ஒயின் குடித்துவிட்டேன், குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

"கடைசி மாதவிலக்கு தொடங்கி இன்றோடு 35 நாள். நேற்றுதான் கர்ப்பம் என்று தெரிந்தது. பத்து நாள் முன்பு ஒரு விருந்தில் 3 கிளாஸ் ஒயின் குடித்தேன். குழந்தைக்குப் பாதிப்பு வருமா? இனி எப்போதாவது ஒரு பீர் குடிக்கலாமா? பாதிப்பு இருந்தால் ஸ்கேனில் தெரிந்துவிடும்தானே?"

நான் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். முதலில் நாள் கணக்கைப் போட்டுவிடுவோம். உங்களுக்கு 28 நாள் சுழற்சி என்றால், கரு உருவானது ஏறக்குறைய 14ஆம் நாள். நீங்கள் குடித்தது 25ஆம் நாள், அதாவது கருவுக்கு 11 நாள் வயது. அப்போது அது கருப்பைச் சுவரில் பதிந்துகொண்டிருந்த சின்ன செல் திரள். உறுப்புகள் உருவாகத் தொடங்கவில்லை. அந்த ஒரு இரவால் பாதிப்பு வரும் வாய்ப்பு குறைவு. அறவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டிய அளவுக்கு இல்லை.

இனி வரும் நாட்கள் அப்படியல்ல. இப்போது கருவுக்கு 3 வாரம். இதயம் துடிக்கத் தொடங்கும் நேரம். மூளையாகப் போகும் குழாய் இன்னும் ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும். நீங்கள் குடிக்கும் ஆல்கஹால் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். குழந்தையின் ரத்தத்திலும் ஏறக்குறைய உங்கள் அளவுக்கே ஏறும். அதை உடைக்கும் திறன் குழந்தையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. போதாததற்கு, அது பனிக்குட நீரிலும் கலந்து நிற்கும். வளர்ந்த குழந்தை அந்த நீரையே விழுங்கும்.

இந்த ஆரம்ப வாரங்களில் அதிகம் குடித்தால் முகத்தில் அடையாளம் தெரியலாம்: மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் மழுங்கியிருக்கும், மேலுதடு மெல்லியதாக இருக்கும், கண் திறப்பு சிறியதாக இருக்கும். 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் இதற்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தபோது முகத்தைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முகம் சாதாரணமாகவே இருக்கும். முகம் உருவாகும் காலம் குறுகியது. மூளையோ பிரசவம் வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, கடைசி மூன்று மாதம் இன்னும் வேகமாக. அதனால் 7ஆம் மாதத்துக் குடியும் மூளையைத் தொடும்.

ஸ்கேனை நம்பி இருக்காதீர்கள். இதயத்தில் ஓட்டை, வளர்ச்சிக் குறைவு போன்றவை அதில் தெரியலாம். கவனம் சிதறுவது, கணக்கு ஏறாதது, சொன்னது மறந்துபோவது, கோபத்தை அடக்க முடியாதது எல்லாம் ஸ்கேனில் வராது. பெரும்பாலும் பள்ளிக்குப் போன பிறகுதான் வெளியே தெரியும். "படு சுட்டி, சொன்ன பேச்சு கேட்கமாட்டான்" என்றுதான் பெற்றோர் எங்களிடம் கூட்டிவருவார்கள்.

பீர் லேசானது என்பதும் வெறும் பேச்சு. 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, ஒரு கிளாஸ் ஒயினில் இருப்பதும் ஏறக்குறைய அதே. ஒரே நேரத்தில் நிறையக் குடிப்பதுதான் மிக மோசம். ஆனால் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எனவே உங்கள் பீர் கேள்விக்கு என் பதில், வேண்டாம்.

தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். அடுத்த செக்கப்பில் அந்த விருந்தின் தேதியையும் அளவையும் சொல்லி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் குழந்தையின் வளர்ச்சியில் ஏதாவது சந்தேகம் வந்தால், எங்களைப் போன்றவர்கள் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான்.