டிக்கர் வேற வேற, ஷேர் ஒண்ணுதானா?

கேள்வி: ஆப்பிள் ஷேர் வாங்க ஆர்டர் போட்டேன் சார். AAPLனு வரும்னு பாத்தா ஸ்டேட்மென்ட்ல APCனு இருக்கு, விலையும் யூரோல. பக்கத்துல US0378331005னு ஏதோ நம்பர் வேற. வேற கம்பெனிய வாங்கிட்டேனா?

பதில்: பயப்படாதீங்க, ஆப்பிளேதான். நீங்க "ஏதோ நம்பர்"னு சொல்றீங்களே, அதுதான் ஐஎஸ்ஐஎன், உலகம் முழுக்க ஒரு ஷேரை அடையாளம் காட்டுற நம்பர், இந்த விஷயத்துல நம்ப வேண்டியதே அதைத்தான். டிக்கர்ங்கிறது ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் தன் வசதிக்கு வச்சுக்கிற கூப்பிடுற பேர் மாதிரி. நாஸ்டாக்ல AAPL, ஜெர்மனில APC, ஆனா ரெண்டு இடத்துலயும் கைமாறுறது அதே ஷேர்ங்கிறதால ஐஎஸ்ஐஎன் ஒண்ணுதான். ஃபேஸ்புக் கூட 2022 ஜூன்ல FBல இருந்து METAக்கு மாறுச்சு, டிக்கர்தான் மாறுச்சே தவிர US30303M1027ங்கிற நம்பர் அப்படியே இருந்துச்சு.

உங்க நம்பரையே பிரிச்சுப் பாருங்க, மொத்தம் 12 இடம். முதல்ல US, அது நாடு. அடுத்த ஒம்பது, 037833100, அமெரிக்கால அந்த ஷேருக்குன்னு குடுத்தது. கடைசி 5 வெறும் செக் டிஜிட், முன்னாடி இருக்கிற பதினொண்ணையும் வச்சு கணக்குப் போட்டு வர்றது, அதனால நடுவுல ஒரு இலக்கத்தை மாத்தி அடிச்சா கணக்கு இடிக்கும், சிஸ்டம் ஏத்துக்காது. டிக்கர்ல இந்தப் பாதுகாப்பு கிடையாது, ஒரு எழுத்து தப்பினா பாட்டுக்கு வேற கம்பெனி வந்து நிக்கும்.

இதைவிட ஏமாத்துறது தலைகீழ் கேஸ்தான். இன்ஃபோசிஸுக்கு இந்தியால என்எஸ்இலயும் INFY, நியூயார்க்லயும் INFY, ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா என்எஸ்இல இருக்கிறது INE009A01021, நியூயார்க்ல இருக்கிறது US4567881085. ஏன்னா நியூயார்க்ல விக்கிறது நேரடி ஷேர் இல்ல, ஷேரை ஒரு பேங்க் பத்திரமா வச்சுக்கிட்டு அதுக்கு எதிரா குடுக்கிற ஏடிஆர் ரசீது. சட்டப்படி அது தனி பத்திரம், அதனால நம்பரும் தனி. ஒரு இடத்துல வாங்கினதை இன்னொரு இடத்துல நேரா விக்க முடியாது, பேங்க் வழியா மாத்தணும். டிக்கரை மட்டும் பாத்து அக்கவுன்ட் டிரான்ஸ்ஃபர் ஃபார்ம் நிரப்புறவங்க மாட்டிக்கிறது இங்கதான்.

ஆனா ஐஎஸ்ஐஎன்னுக்கும் ஒரு குறை இருக்கு: எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த கரன்சின்னு அது சொல்லாது. உங்களுக்கு நடந்ததும் இதுவாத்தான் இருக்கும், நம்பர் சரி, ஆர்டர் மட்டும் ஜெர்மன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கு. ஷேரை விக்க வேண்டிய அவசியம் இல்ல. அடுத்த தடவை ஆர்டர் ஸ்க்ரீன்ல எக்ஸ்சேஞ்ச் பேரையும் கரன்சியையும் பாத்துட்டு பட்டனை அமுக்குங்க, அமெரிக்க மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடி ஐரோப்பால வாங்கினா வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் பெருசாவே இருக்கும்.