கல் தரையும் செங்கல் சுவரும்: பாரலாக்ஸ் அக்லூஷன் மேப்பிங் கேள்வி பதில்

தட்டையான பரப்புக்கு ஆழம் இருப்பதுபோல் காட்டும் ஒரே ஷேடர், ஒரே அமைப்பு. கல் பாவிய தரை நன்றாக வருகிறது. செங்கல் சுவரைச் சாய்வாகப் பார்த்தால் விளிம்புகள் இழுபடுகின்றன. ஏன்?

ஆழத்தையும் ஒன்றாகவே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டெக்ஸ்சர் 1 மீட்டர் அகலத்தை நிரப்புகிறது, ஆழம் 5 செ.மீ. என்று கொள்வோம். பரப்பின் செங்குத்திலிருந்து 45 பாகையில் பார்த்தால், பார்வைக் கதிர் அடியைத் தொடுவதற்குள் பக்கவாட்டில் 5 செ.மீ. நகரும், 80 பாகையில் அது 28 செ.மீ.; 85 பாகையில் 57 செ.மீ. இதை 32 லேயர்களாகப் பிரித்தால் ஒவ்வொரு தாவலும் 18 மி.மீ. ஆகிறது. சாந்து இடுக்கின் அகலமோ 10 மி.மீ.தான், ஆகவே இடுக்கில் புறப்படும் கதிர், முதல் தாவலிலேயே பக்கத்துச் செங்கல்லின் முகப்புக்குள் போய் விழுகிறது. கடைசி இரு மாதிரிகளுக்கு நடுவே நேர்கோடு இட்டுச் சந்திப்பைக் கணிக்கும் வழக்கமான உத்தி, வழவழப்பாகச் சரியும் கல்லின் தோளுக்குப் பொருந்தும். செங்குத்தாக இறங்கும் செங்கல் விளிம்புக்குப் பொருந்தாது.

சுவருக்கு ஆழத்தை 1 செ.மீ. ஆக்குங்கள், அதே 85 பாகையில் தாவல் 3.6 மி.மீ. ஆகிவிடும். ஹைட் மேப்பில் விளிம்புகளுக்குச் சிறிது சரிவும் கொடுங்கள்.

லேயரை 128 ஆக்கினால் தீராதா?

85 பாகையில் தீரும், ஒவ்வொரு பிக்சலுக்கும் அதற்கான விலையைக் கொடுத்து. அதே 5 செ.மீ. ஆழத்தில் 89 பாகைக்குப் போனால் தாவல் மீண்டும் 22 மி.மீ. ஆழத்தைக் குறைப்பதே முதல் வேலை.

நான் பார்வைத் திசையின் செங்குத்துக் கூறான V.z-ஆல் வகுப்பதையே எடுத்துவிட்டேன். எந்தக் கோணத்திலும் இழுபடவில்லை. இதுவே சரியான முறை.

பாதி சரி. நகர்வு ஆழத்தின் அளவைத் தாண்டாது என்பதால் இழுபடாது. ஆனால் 45 பாகையிலேயே 5 செ.மீ. நகர வேண்டிய இடத்தில் 3.5 செ.மீ.தான் நகர்கிறது, ஏமாற்று மிக நன்றாகப் பலிக்கும் கோணத்தில் கற்களை நீங்களே தட்டையாக்குகிறீர்கள். நான் வகுத்தலை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 70 பாகையிலிருந்து 84 பாகைக்குள் ஆழத்தை மங்கச் செய்வேன்:

```glsl
float k = smoothstep(0.1, 0.35, V.z);
vec2 P = V.xy / max(V.z, 0.1) * scale * k;
```

உங்கள் முறையில், நீண்ட தரையில் நடக்கும்போது சற்றுத் தொலைவில் கற்கள் தட்டையாகும் பட்டை ஒன்று கூடவே நகருமே?

நகரும், மறுக்கவில்லை. 5 செ.மீ. ஆழத்தில் அது கண்ணில் படும், 2 செ.மீ.யில் பெரும்பாலும் படாது. உங்கள் முறையில் பட்டை இராது, ஆனால் காலடியைத் தாண்டியதுமே கற்கள் தணியத் தொடங்கும். எது குறைந்த தீமை என்பது கேமராவின் உயரத்தைப் பொறுத்தது.

என் கற்கள் எல்லாம் குழிகளாகத் தெரிகின்றன.

உங்கள் ஷேடர் ஆழத்தை எதிர்பார்க்கிறது, நீங்கள் உயரத்தைக் கொடுக்கிறீர்கள். `1.0 - h`.

சுவரின் மூலை மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கிறது. எத்தனை லேயர் வேண்டும்?

எத்தனை வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். முக்கோணங்கள் தட்டையாகவே இருக்கின்றன. உள்ளே உள்ள படம் மட்டுமே நகர்கிறது. மூலைச் செங்கற்களை மாடலிலேயே செதுக்குங்கள்.

64 லேயர் போதுமா?

128 பற்றிய பதிலைப் படியுங்கள். ஆழம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை.