பாவாடைக்கு மூட்டு கிடையாது: வீடியோவில் ஆளையே மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

கல்யாண வீடியோ தொகுப்பவர்: முகத்தை மாற்றும் வித்தையைத்தானே இப்போது உடம்பு முழுவதற்கும் நீட்டியிருக்கிறார்கள்? புதிதாக என்ன இருக்கிறது?

பாதி சரி. முகத்தை மட்டும் மாற்றும்போது உடம்பும் உடையும் கழுத்தில் விழும் நிழலும் பழைய ஆளுடையவையாகவே இருக்கும். இங்கே பழைய ஆளை முழுதாக வெட்டியெடுத்துவிட்டு, அவருடைய அசைவை மட்டும் வைத்துக்கொள்கிறோம். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கெங்கே இருக்கின்றன என்று மென்பொருள் பிரேம் பிரேமாகப் புள்ளி வைக்கிறது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஒரு குச்சி மனிதன் கிடைப்பான். அந்தக் குச்சி மனிதன், புதிய ஆளின் புகைப்படம், ஆள் நின்ற இடம் ஓட்டையாக இருக்கும் பின்னணி, இந்த மூன்றையும் பார்த்து செயற்கை நுண்ணறிவு மாடல் புதிய படத்தை வரைகிறது.

2018இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கரோலின் சான் குழுவினர் ஒருவருடைய நடனத்தை இன்னொருவர் உடம்புக்குக் குச்சி மனிதனை வைத்துத்தான் மாற்றிக் காட்டினார்கள். புதிய ஆளைச் சுமார் 20 நிமிடம் படம்பிடித்து, அவருக்கென்றே ஒரு மாடலைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. புதிய ஆளாக வருபவர்களை அதிகம் சுருக்கம் விழாத இறுக்கமான உடை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். குச்சி மனிதனுக்குத் துணியைப் பற்றி எதுவும் தெரியாது. இன்று ஒரே புகைப்படம் போதும் என்கிறோம். ஆனால் அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

நடனம் பயிலும் மாணவி: ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஆடிய வீடியோ என்னிடம் இருக்கிறது. பாவாடை தாவணியில் எடுத்த என் புகைப்படத்தைக் கொடுத்தேன். மேலே தாவணி அழகாக வந்தது. கீழே பாவாடை இரண்டு கால்களாகப் பிரிந்து, பட்டுத் துணியில் தைத்த கால்சட்டை போல் ஆகிவிட்டது. புகைப்படம் சரியில்லையா?

புகைப்படத்தைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு மாஸ்க்கில், அதாவது எந்த இடத்தை அழித்து வரைய வேண்டும் என்று குறிக்கும் வெட்டில் இருக்கிறது. பழைய ஆளை நீக்கும் மாஸ்க் ஜீன்ஸின் ஓரத்தை ஒட்டி வெட்டப்பட்டிருக்கும். கால்களுக்கு நடுவில் தெரிந்த தரை பின்னணியாக அப்படியே நிற்கும். மாடல் ஓட்டைக்குள் மட்டும்தான் வரையலாம். ஓட்டையே கால்சட்டை வடிவில் இருந்தால் பாவாடை எங்கே விரியும்?

மாஸ்க்கின் ஓரத்தைப் பத்துப் பிக்சல் விரித்துப் பார்ப்பார்கள். போதாது, பழைய உருவம் அதில் இன்னும் தெரியும். இடுப்புக்குக் கீழே ஓரம் என்பதே தெரியாதபடி கட்டம் கட்டமாக அடைத்துவிடுங்கள். பாவாடை முழுதாகச் சுழன்றால் எவ்வளவு அகலம் போகுமோ அவ்வளவுக்கு. இடுப்புக்கு மேலே நெருக்கமாகவே இருக்கட்டும். எல்லா இடத்திலும் தாராளமாக விரித்தால் பின்னணியையும் மாடலே கற்பனை செய்ய வேண்டிவரும். சுவர்க் கோடுகள் பிரேமுக்குப் பிரேம் நெளியும்.

தரையில் விழும் நிழலையும் மாஸ்க்கில் சேருங்கள். சேர்க்காமல் விட்ட ஒரு வீடியோவை நானே நண்பர்களிடம் பெருமையாகக் காட்டினேன். புடவை கட்டியவர் நடக்கிறார், பக்கத்தில் கால்சட்டையின் நிழல் நடக்கிறது. முதலில் சிரித்தது என் மகள்.

அதே மாணவி: மாஸ்க்கை விரித்ததும் பாவாடை வந்துவிட்டது. ஆனால் சுற்றும்போது நடுவில் ஒரு இடத்தில் விரிந்த பாவாடை சட்டென்று தொங்கிவிடுகிறது.

ஐந்தாவது வினாடியை ஒட்டித்தானே? பரவலாகப் பயன்படும் மாடல்களில் சில, வினாடிக்கு 16 பிரேம் வீதம் 81 பிரேம்களை ஒரு துண்டாக வரைகின்றன. அது ஐந்து வினாடிக்குச் சற்று மேல். உடம்பு நின்ற பிறகும் துணி ஒரு கணம் சுழலும். ஒரே துண்டுக்குள் அந்தத் தாமதத்தை மாடல் ஓரளவு சரியாகவே வரைகிறது. அடுத்த துண்டு தொடங்கும்போது அதன் கையில் இருப்பது குச்சி மனிதன் மட்டுமே. இடுப்பு எங்கே என்று தெரியும், பாவாடை எவ்வளவு விரிந்திருந்தது என்று தெரியாது. முந்தைய துண்டின் கடைசிச் சில பிரேம்களைத் தொடக்கமாகக் கொடுக்கும் வசதி இருந்தால் கொடுங்கள். அதைவிட நல்லது, துண்டு மாறும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுப்பது. முதலில் வீடியோவை வினாடிக்கு 16 பிரேமாக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i aattam.mp4 -vf fps=16 aattam16.mp4
```

பிறகு நீங்கள் அசையாமல் நிற்கும் கணங்களைக் குறித்துக்கொண்டு அங்கே வெட்டுங்கள். 75ஆவது பிரேமில் சுற்றத் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் துண்டை 73இலேயே முடித்துவிடலாம். பாவாடை தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒட்டுப்போட்டால் யாருக்கும் தெரியாது.

குறும்பட இயக்குநர்: என் நடிகர் ஆறடி, அவர் இடத்தில் வரவேண்டியவர் ஐந்தடி. குச்சி மனிதனைச் சிறிதாக்கினேன். ஆள் தரையில் நிற்காமல் மிதக்கிறார்.

நடுப்புள்ளியை வைத்துச் சிறிதாக்கியிருப்பீர்கள். படத்தின் உயரம் 1080 பிக்சல், நடிகரின் தலை 280இல், கணுக்கால் 1000இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயரம் 720, நடு 640. ஆறுக்கு ஐந்து என்று சுருக்கினால் உயரம் 600. நடுவிலிருந்து கணக்கிட்டால் கணுக்கால் 940க்கு ஏறிவிடும். அந்த 60 பிக்சல்தான் மிதப்பு. கணுக்காலை 1000இலேயே ஊன்றிவைத்து மேலிருந்து சுருக்குங்கள்.

பெர்க்லிக்காரர்களும் கணுக்காலைத்தான் பிடித்தார்கள். கேமராவுக்கு மிக அருகிலும் மிகத் தொலைவிலும் கால் எங்கே படுகிறது என்று இரண்டு ஆட்களுக்கும் எடுத்து, ஒன்றை மற்றதற்குப் பொருத்தினார்கள். நடிகர் முன்னும் பின்னும் நடந்தால் உங்களுக்கும் அது தேவைப்படும். நடிகர் மேசையில் கை ஊன்றும் காட்சி இருந்தால் எச்சரிக்கை: உடம்பைச் சுருக்கியதும் கை மேசையை விட்டு விலகிவிடும். அந்த ஷாட்டில் நான் சுருக்கவே மாட்டேன்; ஐந்தடிக்காரர் சற்று உயரமாகத் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

பெயர் சொல்லாத ஒருவர்: அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசாரம். அவருடைய படத்தை வைத்து அவரே ஆடுவது போல் செய்து அசத்தலாம் என்று இருக்கிறோம். எந்தக் கோணத்துப் படம் வேண்டும்?

அவரைக் கேட்டுவிட்டீர்களா? கேட்காமல் செய்வதற்கு நான் உதவ மாட்டேன். அவர் சம்மதித்தால் முன்னும் பின்னும் முழு உயரத்தில் அவரே படம் எடுத்துத் தரட்டும். முன்பக்கப் படம் மட்டும் இருந்தால், திரும்பும்போது தெரியும் முதுகு மாடலின் ஊகம்தான்.

படத்தொகுப்பு ஆசிரியை: குச்சி மனிதன் போதாது என்று நீங்களே சொல்கிறீர்கள். உடம்பின் மேற்பரப்பையே பிரேமுக்குப் பிரேம் தரும் டென்ஸ்போஸ் இருக்கிறதே? கை முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்பதும் அதில் தெளிவு. நான் என் மாணவர்களுக்கு அதையே சொல்கிறேன்.

கை விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. குச்சிப் படத்தில் கேமராவை நோக்கி நீட்டிய கை குட்டைக் கோடாகத்தான் தெரியும். முன்னாலா பின்னாலா என்று மாடல் ஊகிக்க வேண்டும். ஆள் முதுகைக் காட்டித் திரும்பும்போது இடது கையும் வலது கையும் மாறிப்போவதும் உண்டு. ரெண்டர் செய்யுமுன் குச்சிப் படத்தைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்; இடது கைக்கும் வலது கைக்கும் அதில் வெவ்வேறு நிறம், அந்த நிறங்கள் திடீரென்று இடம் மாறினால் அந்தப் பிரேம்களில் புள்ளிகளை நீக்கி, இருபுறத்தையும் வைத்து நிரப்பிவிடலாம்.

ஆனால் மேற்பரப்போடு பழைய ஆளின் பருமனும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஒல்லியானவர் இடத்தில் பருமனானவரை வைத்தால் அவரும் இளைத்துவிடுவார். இருவரும் ஒரே வாகு என்றால் உங்கள் வழி, இல்லையென்றால் என் வழி.

அதே ஆசிரியை: முந்தானைக்குள் மறைந்த கைக்கும் புள்ளியை நீக்கச் சொல்வீர்களா? நான் நீக்குவதில்லை. நீக்கினால் சில பிரேம்களில் கையே காணாமல் போகிறது.

நான் நீக்குவேன், வைத்திருந்தால் முந்தானையைத் துளைத்துக்கொண்டு விரல் முளைக்கிறது. உங்கள் கை மறைகிறது, என் விரல் முளைக்கிறது. மணிக்கட்டை வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் நீக்கி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதே வீடியோவை நீங்களும் ஓட்டினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.