கேமிங் கம்ப்யூட்டர் தேய்ந்துபோனதா, கேம்கள் முந்திப்போனதா?

கேள்வி: 2020-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ரைசன் 5 3600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 16 ஜிபி ரேம். முன்பு கவுன்டர் ஸ்ட்ரைக் தடையில்லாமல் ஓடும், இப்போது அடிக்கடி திக்குகிறது. இண்டியானா ஜோன்ஸ் கேம் திறக்கவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர், "தேய்ஞ்சு போச்சு சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க" என்கிறார். சில நாளாக ஆன் செய்தால் தேதியும் நேரமும் வேறு தப்பாக வருகிறது. மாற்றிவிடலாமா?

பதில்: எக்ஸ்சேஞ்சைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தத் தேதி விஷயத்திலிருந்தே தொடங்கலாம்.

மதர்போர்டில் CR2032 என்ற வட்ட பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நம் வீடுகளில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் பழக்கம் உண்டு என்பதால் அதற்கு வேலை கூடுதல். ஐந்தாறு வருடத்தில் தீர்ந்துபோவது சகஜம். தீர்ந்தால் தேதி மட்டும் போகாது, மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளான பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அப்போது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் XMP என்ற அமைப்பு அணைந்து, 3200 வேகத்தில் ஓடவேண்டியது 2133-லோ 2400-லோ ஓடும். ரைசன் 3600-இல் பிராசசரின் உள் இணைப்பும் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால் அடி இரட்டிப்பு. கவுன்டர் ஸ்ட்ரைக் போல பிராசசரை நம்பி ஓடும் கேமில் இது உடனே தெரியும்.

சோதிப்பது எளிது. டாஸ்க் மேனேஜரில் Performance, அதில் Memory. அங்கே Speed என்ன காட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் ரேமின் மேல் எழுதியிருப்பதைவிடக் குறைவாக இருந்தால் பேட்டரியை மாற்றி, பயாஸுக்குள் போய் XMP-ஐ மறுபடி ஆன் செய்யுங்கள். செலவு பேட்டரியின் விலைதான்.

அடுத்தது சூடு. சிப் வயதாவதால் மெதுவாகிவிடாது. கெட்டால் படம் சிதறும், கம்ப்யூட்டர் ஹேங் ஆகும், தானே அணையும். ஆனால் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் சூடு ஏறும். சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். உங்கள் பிராசசருக்கு எல்லை 95 டிகிரி.

இதைக் கண்டுபிடிக்க, கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும் 3டிமார்க் மென்பொருளின் Time Spy சோதனையை ஓட்டுங்கள். ஆன் செய்தவுடன் அல்ல, அரை மணி நேரம் கேம் ஆடிய பிறகு. குளிர்ந்த கம்ப்யூட்டர் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். உங்கள் கார்டுக்கு கிராபிக்ஸ் மதிப்பெண் சுமார் 6,000, பிராசசருக்கு 7,000-ஐ ஒட்டி வரவேண்டும். இருநூறு முன்னூறு குறைந்தால் கவலை வேண்டாம். கிராபிக்ஸ் 5,000-க்குக் கீழே போனால் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மதிப்பெண் ஏறினால் காற்றோட்டம்தான் குறை. கிராபிக்ஸ் சரியாக இருந்து பிராசசர் மட்டும் குறைந்தால் ரேமையும் பிராசசர் கூலரையும் பாருங்கள்.

இரண்டும் சரியாக வந்தால் கம்ப்யூட்டர் 2020-இல் இருந்தபடியேதான் இருக்கிறது, கேம்தான் மாறியிருக்கிறது. "பழைய கேமே திக்குதே" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் 2020-இல் ஆடியது சிஎஸ்:கோ. 2023 செப்டம்பரில் அதன் இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. புது எஞ்சின், கனமும் கூடுதல். சைபர்பங்க் 2077-உம் அதே மாதம் வந்த 2.0 அப்டேட்டில் குறைந்தபட்சத் தேவையை உயர்த்திக்கொண்டது. பெயர் அதேதான் என்பதற்காக அன்றைய வேகத்தை இன்றைய வேகத்தோடு ஒப்பிட முடியாது.

இண்டியானா ஜோன்ஸுக்கு வைத்தியம் கிடையாது. ஒளி எப்படிப் பாய்கிறது என்று கணக்கிட்டுப் படம் வரையும் ரே ட்ரேசிங்குக்கான தனிப் பகுதி கார்டிலேயே இருக்கவேண்டும் என்று அந்த கேம் கேட்கிறது. 1660 சூப்பரில் அது இல்லை. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும், எவ்வளவு துடைத்தாலும் ஓடாது. மற்ற புதிய கேம்களில் 6 ஜிபி கார்டு நினைவகம் நிரம்பிவிடுவதுதான் பெரும்பாலும் தொல்லை. சராசரி வேகம் நன்றாக இருந்தும் திரும்பும்போது வெட்டி வெட்டி வந்தால் டெக்ஸ்சரை மட்டும் மீடியத்துக்குக் குறையுங்கள். வெட்டு நின்றால் காரணம் அதுதான்.

அந்தப் புது கேம்கள் வேண்டும் என்றாலும் முழு கம்ப்யூட்டரையும் மாற்றத் தேவையில்லை. எட்டு ஜிபியோ அதற்கு மேலோ உள்ள, ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்டு போதும். பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். உங்கள் போர்டு பி450 வகை என்றால், கார்டைப் போர்டோடு இணைக்கும் வழி பழைய பிசிஐஇ 3.0. அதில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற, லேன் எனப்படும் தரவுப் பாதை நான்கு மட்டுமே உள்ள கார்டுகள் கணிசமாக வேகம் இழக்கும். விலை குறைவு என்று கடைக்காரர் அதை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.