திரும்பி வந்த செக்: லெட்ஜரில் ஒரு தொகை, நோட்டீஸில் ஒரு தொகை

ஈரோடு, பெட்ஷீட் மொத்த வியாபாரி: 50,000 ரூபாய் பில். உடனே கட்டுகிறேன் என்றதால் 1,000 தள்ளுபடி கொடுத்து 49,000க்கு செக் வாங்கினேன். ‘போதிய பணம் இல்லை’ என்று ஜூன் 5ல் திரும்பிவிட்டது. வங்கி 295 ரூபாய் வேறு பிடித்துக்கொண்டது. ரசீது என்ட்ரியை அழித்துவிட்டால் போதும்தானே?

பதில்: அழிக்காதீர்கள். செக் போட்டதும் திரும்பியதும் இரண்டும் வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கும். உங்கள் புத்தகத்தில் மட்டும் இல்லையென்றால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது இடிக்கும். வாங்கிய அன்று எழுதியது அப்படியே இருக்கட்டும். ஜூன் 5 தேதியிட்டுப் புதிதாக எழுதுங்கள்:

வாடிக்கையாளர் கணக்கு – பற்று 50,000
வங்கிக் கணக்கு – வரவு 49,000
கொடுத்த தள்ளுபடி – வரவு 1,000

பலர் கோட்டைவிடுவது அந்தக் கடைசி வரியில்தான். பணமே வராதபோது தள்ளுபடி மட்டும் எப்படி நிற்கும்? டாலியில் என்றால் 49,000ஐ பேமென்ட் வவுச்சரிலும், 1,000ஐ ஜர்னலிலும் போட்டுவிடுங்கள்.

295ல் 250 கட்டணம், 45 ஜிஎஸ்டி. அந்த 45ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வீர்கள் என்றால் வாடிக்கையாளர் தலையில் 250 மட்டும் போடுங்கள்:

வாடிக்கையாளர் கணக்கு – பற்று 250
உள்ளீட்டு ஜிஎஸ்டி – பற்று 45
வங்கிக் கணக்கு – வரவு 295

ஆக, அவர் தர வேண்டியது 50,250.

சேலம், கணக்கு எழுதுபவர்: வங்கிக் கட்டணம் நம் செலவுதானே? நான் எப்போதும் ‘வங்கிக் கட்டணம்’ என்றே எழுதுகிறேன்.

பதில்: திரும்ப வாங்கப் போவதில்லை என்றால் நீங்கள் எழுதுவது சரி. வாங்குவீர்கள் என்றால் வாடிக்கையாளர் கணக்குதான். பழைய வாடிக்கையாளரிடம் 250 ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பதா என்பது முதலாளி முடிவு.

ஈரோடு, அதே வியாபாரி: அப்படியானால் 50,250க்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமா?

பதில்: இங்கேதான் கேஸ் கெட்டுப்போகிறது. லெட்ஜர் பாக்கி வேறு, செக் தொகை வேறு. செக் திரும்பியதற்குக் கிரிமினல் வழக்குப் போட வழி தருவது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138. அதன்படி நோட்டீஸில் கேட்க வேண்டியது செக்கில் எழுதிய 49,000. தள்ளுபடி 1,000, கட்டணம் 250 இரண்டையும் கேட்கலாம், ஆனால் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மொத்தமாக ‘50,250 கொடு’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு நோட்டீஸே செல்லாது என்று வாதாடும். உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு.

தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். செக் திரும்பியதற்கு வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ கையில் வந்தது ஜூன் 5 என்றால் 30 நாளுக்குள், அதாவது ஜூலை 5க்குள், எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். அவருக்கு ஜூன் 16ல் கிடைத்தது என்று வையுங்கள், பணம் கட்ட ஜூலை 1 வரை 15 நாள். கட்டவில்லையா, அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்தக் கோர்ட் எல்லையில் வருகிறதோ, அங்கேதான் போட வேண்டும். செக், மெமோ, பில், தபால் ரசீது, அவர் கையெழுத்துப் போட்ட அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

கரூர், டிரேடர்: மெமோ வந்து 40 நாள் ஆகிவிட்டது. ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று இழுத்தடித்துவிட்டார். என் கேஸ் முடிந்ததா?

பதில்: செக் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் திரும்பவும் வங்கியில் போடுங்கள். மறுபடி திரும்பினால் புது மெமோ, புது 30 நாள். 2012ல் உச்ச நீதிமன்றமே இதை ஏற்றுக்கொண்டது. மூன்று மாதமும் தாண்டியிருந்தால் 138 கிடையாது; சிவில் வழக்குதான். பொதுவாக அதற்கு மூன்று வருடக் கெடு.

திருப்பூர், நிட்டிங் யூனிட்: என் கேஸ் வேறு மாதிரி. 80,000 செக் கொடுத்தவர், நான் அதை வங்கியில் போடும் முன்பே 30,000ஐ ஜிபேயில் அனுப்பிவிட்டார். நான் செக்கை அப்படியே போட்டேன், திரும்பிவிட்டது.

பதில்: போட்ட அன்று பாக்கி 50,000தானே? செக்கோ 80,000. பெற்ற தொகையைச் செக்கிலேயே குறித்து மீதிக்குப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 138 நிற்பது கஷ்டம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பில் பாக்கிக்காகச் சிவிலில் போகலாம். செக்கின் மூன்று மாதக் கெடு இன்னும் இருக்கிறதென்றால் குறித்து மறுபடி போடலாமா என்பதை மெமோவுடன் வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

மதுரை, ஹார்டுவேர் கடை: பணமே வரவில்லை. கட்டிய ஜிஎஸ்டியை அரசாங்கம் திருப்பித் தருமா?

பதில்: தராது. சரக்கு திரும்பி வந்தது, பில்லில் விலையோ வரியோ கூடுதலாகப் போட்டது போன்ற காரணங்களுக்குத்தான் கிரெடிட் நோட். பணம் வராததற்கு இல்லை. எனவே வாராக்கடன் என்று தள்ளும்போது வரியும் சேர்ந்துதான் உங்கள் நஷ்டம்.