முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது

"சுங்கை சிப்புட்டில் கல்லூரி மாணவர்களிடம், முகத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்றும் தோற்றப் பராமரிப்பு பற்றியும் பேச வேண்டும். எதைச் சொல்லலாம்?"

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குங்கள். அறிமுகமில்லாத ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பத்தக்கவரா என்று பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது அந்த முடிவு பெரிதாக மாறவில்லை. முடிவின் மீதான உறுதி மட்டும் கூடியது. எனவே 'நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்' என்ற அறிவுரை உதவாது. தோட்டத்திலிருந்து வரும் வகுப்புத் தோழன் முறைப்பாகத் தெரிந்தால், அவனோடு ஒரு பணியைச் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். முகம் சொல்லாததை அவன் வேலை சொல்லும்.

பராமரிப்பில் பருவைப் பற்றிப் பேசுங்கள், அதுதான் அந்த வயதின் உண்மையான வேதனை. கிள்ளினால் நம் மாநிறத் தோலில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை இன்னும் கருக்கும். அன்றாடப் பராமரிப்புக்கு மென்மையான சோப்பும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் போதும். பாசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்களைத் தொடவே வேண்டாம். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். டப்பாவில் NOT என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பார்த்து, தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அதைத் தேடச் சொல்லுங்கள்.