மிச்சத் துணிக் கணக்கு: அல்சூர் தையற்கடை அக்காவிடம் கேள்வி பதில்

சிவாஜிநகர் வாசகி: 20 மீட்டர் லைனிங்கில் ரவிக்கைக்கு 80 செ.மீ. வீதம் 22 வெட்டினேன். நோட்டில் 2.40 மீட்டர் மிச்சம், கையில் அவ்வளவு இல்லையே அக்கா?

ஒவ்வொரு முறையும் ஓரத்தை நேராக்கி வெட்டும்போது இரண்டு மூன்று செ.மீ. கீழே விழுகிறதே, அதை நோட்டில் எழுதினீர்களா? 3 செ.மீ. என்று வைத்தாலே 22 வெட்டுக்கு 66 செ.மீ. போய்விட்டது. மிச்சம் 1.74 மீட்டர்தான். மூன்று ரவிக்கை வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த 1.74 ஒரே துண்டாக இருந்தால் இரண்டு ரவிக்கை வரும். 1.10, 0.64 என்று இரண்டு பிட்டாகக் கிடந்தால் ஒன்றுதான். அதனால் கூட்டுத்தொகையை எழுதாதீர்கள், பிட்டு பிட்டாக எழுதுங்கள். வெட்டி முடித்ததும் மேஜையில் விரித்து, இழுக்காமல் அளந்து, அந்த அளவைச் சீட்டில் எழுதித் துணியின் கரையில் குத்தி வையுங்கள். பழைய அளவிலிருந்து கழித்து எழுதினால் தப்பு வளர்ந்துகொண்டே போகும்.

கே.ஆர்.புரம் வாசகர்: 10 மீட்டர் என்று சொல்லிச் சிக்பேட்டையில் விற்ற லேஸ் 9.14 தான் இருக்கிறது. ஏமாற்றா?

அது 10 கஜச் சுருளாக இருக்கும். ஒரு கஜம் 91.44 செ.மீ.

மல்லேசுவரம் வாசகர்: கஜமும் மீட்டரும் ஒன்றுதானே? எங்கள் அப்பா அப்படித்தான் விற்றார்.

கைக்கணக்கில் அப்படிப் பேசுவது உண்டு அண்ணா. ஆனால் 10 கஜத்துக்கு 86 செ.மீ. குறைகிறது. ஒரு கழுத்துக்குப் போதுமான லேஸ் அது.

மல்லேசுவரம் வாசகர்: எலாஸ்டிக்காவது இழுத்தால் 10 வருமே!

அதனால்தான் இழுக்காமல் அளக்கச் சொல்கிறேன்.

ஜெயநகர் வாசகி: பட்டனை எண்ணி மாளவில்லை, எடை போடலாமா?

ஒரே ரகம், ஒரே அளவு என்றால் போடலாம். நூறு எண்ணி எடை பார்த்துக்கொண்டு மொத்தத்தைக் கணக்கிடுங்கள். எழுதும்போது செட்டாக எழுதுங்கள். ஒரு குரோஸ் 144. சட்டைக்கு 10 என்றால் 14 செட், மிச்சம் 4. அந்த நாலு பட்டன் ரிப்பேர் டப்பாவுக்கு.

இன்னொரு வாசகர்: லைனிங் மிச்சத்தை எப்படி எழுதுவது?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேறொருவர்: வாடிக்கையாளர் கொடுத்த துணியில் மிஞ்சியதை ஸ்டாக்கில் சேர்க்கலாமா?

கூடாது. உடையோடு திருப்பிக் கொடுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி: காட்டன் லைனிங் நனைத்தால் சுருங்குமே?

துணியின் ஒரு மூலையில் 50 செ.மீ. குறித்து, நனைத்துக் காயவைத்து அளங்கள். 48.5 ஆனால் நூற்றுக்கு மூன்று குறைவு. 20 மீட்டர் 19.40 ஆகிவிடும். நான் சுருள் முழுவதையும் நனைத்துக் காயவைத்து, அந்த அளவைத்தான் எழுதுவேன்.

அதே வாசகி: சின்னக் கடையில் காயப்போட இடம் ஏது? நான் வெட்டின பிட்டைத்தான் நனைக்கிறேன்.

சரி, அப்படியும் செய்யலாம். அப்போது 83 செ.மீ. வெட்டுங்கள், சீட்டில் ‘நனைக்காதது’ என்று எழுதுங்கள். இரண்டு வகையும் ஒரே அலமாரியில் கலந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.